கைப்பேசி அப்டேட்: எதை உடனே போடுவது, எதற்குக் காத்திருப்பது?

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் தென் கொரியாவிலும் வேறு பல நாடுகளிலும் சாம்சுங் கேலக்ஸி எஸ்10, நோட்10 வகைக் கைப்பேசிகளை வைத்திருந்தவர்களுக்கு ஒரு வினோதமான சிக்கல் வந்தது. எந்தப் பொத்தானையும் அவர்கள் அழுத்தவில்லை. கைப்பேசி தானாக அணைந்து, சாம்சுங் சின்னத்தைக் காட்டி, மறுபடியும் அணைந்து, மறுபடியும் சின்னத்தையே காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போகவே முடியவில்லை.

காரணம் ஒரு சிறிய செயலி. வீட்டு மின்சாதனங்களைக் கைப்பேசியோடு இணைக்கும் ஸ்மார்ட்திங்ஸ் என்ற வசதிக்குப் பின்னால் இயங்கும் ஒரு துணைச் செயலிக்கு வந்த அப்டேட், ஆண்ட்ராய்டு 12 பதிப்பில் இருந்த சில பழைய கைப்பேசிகளோடு ஒத்துப்போகவில்லை. அந்த அப்டேட் பின்னணியில் தானாகவே இறங்கிப் பதிந்துகொண்டது. சாம்சுங் அதை நிறுத்திவிட்டது. ஆனால், ஏற்கெனவே சிக்கிக்கொண்ட கைப்பேசிகளில் பலவற்றை மீட்க ஒரே வழிதான் இருந்தது: உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அழித்து, கடையில் வாங்கிய நிலைக்குத் திருப்புவது. படங்களையும் வாட்சாப் உரையாடல்களையும் வேறு இடத்தில் சேமித்து வைக்காதவர்களுக்கு அவை போனது போனதுதான்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் பலர் சொல்வது: "அதற்குத்தான் நான் அப்டேட்டே போடுவதில்லை." மலாக்காவின் தோட்டங்களிலும் தாமான்களிலும் இதைச் சொல்பவர்கள் நிறையவே உண்டு. டேட்டா தீர்ந்துவிடும், கைப்பேசி மெதுவாகிவிடும், பழகிய பொத்தான் இடம் மாறிவிடும் என்ற காரணங்களும் கூடவே வரும். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், அப்டேட்டே வேண்டாம் என்பதற்கும் ஒரு விலை உண்டு. அதை 2019இல் நடந்த இன்னொரு சம்பவம் காட்டுகிறது.

எடுக்காத அழைப்பே போதுமாக இருந்தது

2019ஆம் ஆண்டு மே மாதத்தில் வாட்சாப் தன் பயனர்கள் அனைவரையும் உடனே செயலியைப் புதுப்பிக்கும்படி கேட்டுக்கொண்டது. வாட்சாப்பின் அழைப்பு வசதியில் ஒரு ஓட்டை இருந்தது. ஒருவருடைய எண்ணுக்கு வாட்சாப் வழியாக அழைத்தாலே போதும். அவர் எடுக்காவிட்டாலும் உளவு மென்பொருளை அவருடைய கைப்பேசிக்குள் நுழைத்துவிடலாம் என்ற நிலை. இந்த வழியில் ஏறத்தாழ 1,400 பேர் குறிவைக்கப்பட்டதாக வாட்சாப் பின்னர் தெரிவித்தது. அவர்களில் செய்தியாளர்களும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் இருந்தார்கள்.

அங்கே பயனர் எந்தத் தவறும் செய்யவில்லை. சந்தேகமான இணைப்பைத் தொடவில்லை, யாரிடமும் எண்ணைச் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றக்கூடியது அந்த அப்டேட் ஒன்றுதான். குறிவைக்கப்பட்டவர்கள் குறைவே என்றாலும், ஓட்டை எல்லாருடைய கைப்பேசியிலும் இருந்தது. ஓட்டையைப் பற்றிய செய்தி வெளியான பிறகு, பழைய பதிப்பை வைத்திருப்பவர்தான் எளிதான இலக்கு.

ஆக, ஒரு அப்டேட் கைப்பேசியை முடக்கவும் முடியும், காப்பாற்றவும் முடியும். எல்லாவற்றையும் போடுவதோ எல்லாவற்றையும் மறுப்பதோ இதற்குத் தீர்வாகாது. வந்திருப்பது எந்த வகை என்று பார்த்து முடிவு செய்வதே வழி.

மூன்று வகை, மூன்று வேகம்

கைப்பேசிக்கு வருவது பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை, பாதுகாப்பு அப்டேட். ஆண்ட்ராய்டுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை கூகள் மாதந்தோறும் அறிவிக்கிறது. கைப்பேசி நிறுவனங்கள் அவற்றைத் தங்கள் மாடல்களுக்கு ஏற்பத் தயாரித்து அனுப்புகின்றன. மலிவான மாடல்களுக்கு மூன்று மாதத்திற்கு ஒரு முறைகூட வரலாம். இவற்றின் அளவு பொதுவாகச் சில நூறு எம்பிதான். திரையின் தோற்றமோ பொத்தான்களின் இடமோ மாறாது. இது வந்தால் இரண்டு மூன்று நாளுக்குள், வைஃபை கிடைத்ததும் போட்டுவிடலாம்.

இரண்டாம் வகை, செயலிகளின் அப்டேட். வாட்சாப், வங்கிச் செயலி, டச் அன் கோ, முகநூல் போன்றவை அடிக்கடி புதுப்பிக்கப்படும். இவற்றைத் தானாகவே நடக்கும்படி விட்டுவிடுவதுதான் நல்லது, ஆனால் வைஃபையில் மட்டும். வங்கிச் செயலி விஷயத்தில் தாமதம் கூடாது. பழைய பதிப்பாக இருந்தால் சில வங்கிச் செயலிகள் திறக்கவே மறுத்துவிடும்.

மூன்றாம் வகை, பெரிய பதிப்பு மாற்றம். ஆண்ட்ராய்டு 14இலிருந்து 15க்கோ, ஐபோனில் ஓர் ஐஓஎஸ் பதிப்பிலிருந்து அடுத்ததற்கோ போவது இது. அளவு பல ஜிபி. தோற்றம் மாறும், அமைப்புகள் இடம் மாறும். காத்திருக்க வேண்டியது இதற்குத்தான். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சாம்சுங் தன் ஒன் யுஐ 7 பதிப்பை வெளியிடத் தொடங்கி, சுமார் ஒரு வாரத்திலேயே அதை நிறுத்தி வைத்தது. கொரியாவில் சில கேலக்ஸி எஸ்24 கைப்பேசிகளின் பூட்டைத் திறக்க முடியவில்லை என்ற புகார்தான் காரணம். கோளாறைச் சரிசெய்துவிட்டு மறுபடி வெளியிட்டார்கள். முதல் நாளே ஓடிப்போய்ப் போட்டவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி. இரண்டு மூன்று வாரம் பொறுத்தவர்களுக்குத் திருத்திய பதிப்பு கிடைத்தது.

எந்த வகை வந்திருக்கிறது என்பதை எப்படி அறிவது? அறிவிப்பைத் தட்டினால் ஒரு விளக்கப் பக்கம் திறக்கும். அதில் அளவையும் விவரத்தையும் பார்க்கவும். சில நூறு எம்பி, "security patch" என்ற சொற்கள் மட்டும் இருந்தால் முதல் வகை. இரண்டு, மூன்று ஜிபி என்றோ, ஆண்ட்ராய்டு பதிப்பு எண் மாறுகிறது என்றோ இருந்தால் மூன்றாம் வகை.

பெரிய பதிப்பானாலும் வருடக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. சில மாடல்களுக்கு அடுத்து வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் புதிய பதிப்போடு சேர்ந்தே வரும். பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டால் அவையும் நின்றுவிடும். மூன்று வாரம், அதிகபட்சம் ஒரு மாதம் என்பது நியாயமான காத்திருப்பு.

டேட்டா எங்கே போகிறது?

ஜாசின் அருகே ஒரு தோட்டத்தில், மாதத்திற்கு அதிவேக டேட்டா 10 ஜிபி தரும் முன்கட்டணத் திட்டத்தில் இருக்கும் ஒரு கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். அதில் 40 செயலிகள் இருக்கின்றன. அவற்றில் பல மாதத்தில் இரண்டு மூன்று முறை புதுப்பிக்கப்படும். மாதத்திற்கு மொத்தம் ஒன்றரை ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு அப்டேட் ஒன்று 400 எம்பி. அந்த மாதம் பார்த்துப் பெரிய பதிப்பும் வந்துவிட்டால் இன்னொரு 3 ஜிபி. கூட்டினால் ஏறத்தாழ 5 ஜிபி. அதாவது, யாரும் ஒரு காணொளிகூடப் பார்க்காமலேயே பாதி டேட்டா காலி. மாத நடுவில் இணையம் நத்தையாக ஊர்வதற்கும், மறுபடி டாப் அப் போட வேண்டியிருப்பதற்கும் இது ஒரு காரணம்.

உண்மையில் அப்டேட்தான் டேட்டாவைத் தின்கிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கைப்பேசியின் அமைப்புகளில் டேட்டா பயன்பாடு என்ற பகுதியைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்ற பட்டியல் வரும். அதில் Google Play Store என்ற பெயர் மேலே இருந்தால், செயலி அப்டேட்கள் சிம் கார்டு டேட்டாவில் இறங்குகின்றன என்று பொருள். யூடியூப்பும் டிக்டாக்கும் மேலே இருந்தால் பிரச்சினை வேறு இடத்தில்.

வைஃபையில் மட்டும் என்று மாற்றுவது எப்படி?

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இதற்கு இரண்டு இடங்களில் மாற்றம் செய்ய வேண்டும். ஒன்று செயலிகளுக்கு, இன்னொன்று கைப்பேசியின் சொந்த மென்பொருளுக்கு. பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

செயலிகளுக்கு: பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் இருக்கும் தங்கள் படத்தைத் தட்டவும். பிறகு இந்த வரிசையில் போகவும்.

```
Settings > Network preferences > Auto-update apps > Over Wi-Fi only
```

அதே பக்கத்தில் App download preference என்று இன்னொன்றும் இருக்கும். அதில் Over Wi-Fi only அல்லது Ask me every time என்பதைத் தேர்வு செய்தால், புதிய செயலியை இறக்கும்போதும் சிம் டேட்டா தெரியாமல் போகாது. சாம்சுங் கைப்பேசியில் Galaxy Store என்று இரண்டாவது கடை ஒன்று இருக்கிறது. அதற்குள்ளும் அமைப்புகளுக்குச் சென்று, தானியங்கி அப்டேட்டை வைஃபைக்கு மட்டும் என்று வைக்க வேண்டும்.

கைப்பேசியின் மென்பொருளுக்கு, சாம்சுங்கில்:

```
Settings > Software update > Auto download over Wi-Fi
```

ஓப்போ, விவோ, சியாவ்மி போன்றவற்றில் பெயர்கள் கொஞ்சம் மாறும். அமைப்புகளின் மேலே உள்ள தேடல் பெட்டியில் update என்று தட்டினால் அந்தப் பக்கம் கிடைக்கும். மொழி மலாயில் இருந்தால் kemas kini என்று தேடவும். இரவில் தானாக நிறுவும் வசதி இருந்தால், அதை அணைத்துவிட்டு, இறக்குவதை மட்டும் தானாக விடலாம். அப்போது எப்போது நிறுவுவது என்ற முடிவு கைப்பேசியின் சொந்தக்காரரிடம் இருக்கும்.

ஐபோனில், அமைப்புகளில் App Store பகுதியைத் திறந்து App Updates என்பதை இயக்கத்தில் வைத்துவிட்டு, அதே பக்கத்தில் சிம் டேட்டாவுக்குக் கீழே இருக்கும் Automatic Downloads என்பதை அணைக்கவும். அவ்வளவுதான்.

வைஃபை என்று நினைத்தது வைஃபை அல்ல

இங்கே தோட்டப்புறக் குடும்பங்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி இருக்கிறது. ஃபைபர் இணைப்பு வராத இடங்களில் பலர் சிம் கார்டு போடும் மோடத்தை வீட்டில் வைத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் அப்பாவின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, பிள்ளைகளின் கைப்பேசியை அதில் இணைக்கிறார்கள். பிள்ளையின் கைப்பேசியைப் பொறுத்தவரை இரண்டுமே வைஃபைதான். "வைஃபையில் மட்டும்" என்று வைத்திருந்தும், அது நிம்மதியாக 3 ஜிபி இறக்கிவிடும். போவதோ அப்பாவின் டேட்டா.

இதற்கும் வழி உண்டு. ஆண்ட்ராய்டில் அந்த வைஃபை பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரச் சின்னத்தைத் தட்டினால், Network usage அல்லது Metered network என்ற தேர்வு கிடைக்கும். அதில் Treat as metered என்று வைக்கவும். இந்த வைஃபையில் டேட்டாவுக்கு அளவு உண்டு, கவனமாகச் செலவு செய் என்று கைப்பேசிக்குச் சொல்வது போன்றது இது. அதன் பிறகு பெரிய இறக்கங்களை அது அந்த வைஃபையில் தானாகத் தொடங்காது. ஐபோனில் அதே வேலையைச் செய்வது Low Data Mode. வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்தைத் தட்டினால் கிடைக்கும்.

அப்படியானால் அளவில்லாத வைஃபைக்கு எங்கே போவது? ஃபைபர் இருக்கும் உறவினர் வீட்டுக்கு வார இறுதியில் போகும்போது இரவு முழுக்கச் சார்ஜில் விட்டு வைக்கலாம். முன்பு பேடி என்று அழைக்கப்பட்ட நாடி சமூக இணைய மையங்களில் ஒன்று அருகில் இருந்தால் அங்கே போய்க் கேட்கலாம். பிளே ஸ்டோர் தானியங்கி அப்டேட்டைப் பொதுவாகக் கைப்பேசி சார்ஜில், பயன்பாட்டில் இல்லாமல் இருக்கும் நேரத்தில்தான் செய்கிறது. எனவே, வைஃபை இருக்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தால் போதாது. அவசரமானால் பிளே ஸ்டோரில் தங்கள் படத்தைத் தட்டி, Manage apps & device என்ற பகுதியில் Update all என்பதைக் கையாலேயே தட்டிவிடலாம்.

பொது இடத்து வைஃபையில் அப்டேட் இறக்குவது ஆபத்தா என்ற சந்தேகமும் எழலாம். பிளே ஸ்டோரிலிருந்து வரும் ஒவ்வொரு செயலிக்கும் அதைத் தயாரித்தவரின் மின்னணு முத்திரை இருக்கிறது. முத்திரை ஒத்துப்போகாவிட்டால் கைப்பேசி அதை ஏற்காது. ஆகவே, பிளே ஸ்டோர் வழியாக இறக்கும்வரை கவலை இல்லை.

பெரிய அப்டேட் போடும் நாள்

மூன்று வாரம் காத்தாகிவிட்டது, இனி போடலாம் என்று முடிவெடுத்தால், முதலில் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளம் வங்கிக்கு வரும் நாள், பயணம் போகும் நாள், மறுநாள் பிள்ளைக்கு இணையத்தில் பதிவோ தேர்வோ இருக்கும் இரவு ஆகியவை வேண்டாம். ஏதாவது தவறினால் கடைக்குக் கொண்டுபோக நேரம் இருக்கும் ஒரு விடுமுறை நாளின் காலை நல்லது.

அடுத்தது, காப்பு எடுப்பது. எஸ்10 சம்பவத்தில் நட்டத்தையும் நிம்மதியையும் பிரித்தது இந்த ஒரு வேலைதான். வாட்சாப்பில் Settings > Chats > Chat backup என்று போய் Back up என்பதைத் தட்டவும். படங்கள் கூகள் போட்டோவுக்கு ஏறியிருக்கின்றனவா என்று பார்க்கவும். இடம் போதாவிட்டால், முக்கியமான படங்களையாவது கணினிக்கோ மெமரி கார்டுக்கோ மாற்றிவிடவும். கூகள் கணக்கின் மறைச்சொல் நினைவில் இருக்கிறதா என்பதையும் அப்போதே சோதிக்க வேண்டும். கைப்பேசியை அழித்துத் திருப்பிய பிறகு அது அந்தக் கணக்கைத்தான் கேட்கும். மறைச்சொல் தெரியாமல் கடைக்கு வந்து நிற்பவர்களுக்குக் கடைக்காரராலும் உதவ முடியாது.

பிறகு, இடம். 64 ஜிபி கைப்பேசிகளில் பெரும்பாலும் இடமே இருக்காது. காலை வணக்கப் படங்களும் அனுப்பப்பட்ட காணொளிகளும் அதை நிரப்பியிருக்கும். வாட்சாப்பில் Settings > Storage and data > Manage storage என்ற இடத்தில் பெரிய கோப்புகளைப் பார்த்து நீக்கலாம். குறைந்தது அப்டேட்டின் அளவைப் போல இரண்டு மடங்கு இடம் காலியாக இருப்பது நல்லது. பேட்டரி பாதிக்கு மேல் இருக்க வேண்டும். சார்ஜரும் செருகியிருக்கட்டும்.

நிறுவும்போது திரை கறுத்துப்போகும், சின்னம் நீண்ட நேரம் நிற்கும். இருபது நிமிடம் வரை ஆனாலும் பயப்பட வேண்டாம்; பொத்தானை அழுத்தி அணைக்கவும் வேண்டாம். பாதியில் அணைப்பதுதான் உண்மையான கெடுதல். சின்னம் வந்து அணைந்து, வந்து அணைந்து என்று சுழன்றுகொண்டே இருந்தால் மட்டுமே அது கோளாறு. அப்போது அந்த நிறுவனத்தின் சேவை மையத்துக்குக் கொண்டுபோகவும். காப்பு எடுக்கப்படவில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அழிப்பதற்கு முன் வேறு வழி இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

போட்ட முதல் இரண்டு நாள் பேட்டரி சீக்கிரம் தீர்வதும் கைப்பேசி சூடாவதும் வழக்கம். உள்ளே செயலிகளும் படங்களும் மறுபடி ஒழுங்குபடுத்தப்படுவதால் அப்படி ஆகிறது. ஒரு வாரம் கடந்தும் குறையாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

செயலிகள் திடீரென்று மூடிக்கொண்டால்

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22, 23 தேதிகளில் உலகம் முழுவதும் ஆண்ட்ராய்டு பயனர்கள் ஜிமெயிலைத் திறந்தால் உடனே மூடிக்கொண்டது. வேறு பல செயலிகளும் அப்படியே. அந்தச் செயலிகளில் எந்தக் குறையும் இல்லை. செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்ட உதவும் Android System WebView என்ற பின்னணிப் பாகத்திற்கு வந்த அப்டேட்தான் காரணம். அதன் அப்டேட்டை நீக்கியதும் செயலிகள் திறந்தன. விரைவிலேயே கூகள் திருத்திய பதிப்பை வெளியிட்டது.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இது: ஒரே நாளில் பல செயலிகள் சேர்ந்து மூடிக்கொண்டால், கைப்பேசியை அழிக்க அவசரப்படக் கூடாது. செயலிகளையும் நீக்கக் கூடாது. வாட்சாப்பைக் காப்பு எடுக்காமல் நீக்கினால் உரையாடல்கள் போய்விடும். ஒரு நாள் பொறுத்து, பிளே ஸ்டோரில் புதிய அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்க்கவும். பெரும்பாலும் அதுவே மருந்து.

கைப்பேசியோடு வந்த சில செயலிகளுக்கு மட்டும், அமைப்புகளில் Apps பகுதியில் அவற்றைத் திறந்து Uninstall updates என்பதைத் தட்டி, பழைய பதிப்புக்குப் போகலாம். ஆனால், கைப்பேசியின் பெரிய பதிப்பை இப்படித் திருப்ப முடியாது. போட்டால் போட்டதுதான். காத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்டேட் என்ற பெயரில் வரும் திருடன்

மேலே சொன்ன எல்லாம் உண்மையான அப்டேட்டுகளைப் பற்றியவை. போலி அப்டேட் வேறு கதை. அதில் போவது பணம்.

2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் மலேசியாவைக் குறிவைத்த ஒரு மோசடியை அம்பலப்படுத்தியது. வீடு சுத்தம் செய்யும் சேவைகளைப் போல நடித்த இணையப் பக்கங்கள் முகநூல் விளம்பரங்கள் வழியாகப் பரவின. பதிவு செய்யச் செயலியை இறக்கச் சொல்லும் பொத்தான், பிளே ஸ்டோருக்குப் போவது போலத் தோன்றினாலும் மோசடிக்காரர்களின் சொந்தச் சேவையகத்துக்கே போனது. செயலிக்குள் கட்டணம் செலுத்தும் இடத்தில் எட்டு மலேசிய வங்கிகளின் பெயர்கள் இருந்தன. அங்கே தட்டிய பயனர் பெயரும் மறைச்சொல்லும் திருடர்களுக்குப் போயின. வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பிய ஒருமுறை எண்ணையும் அந்தச் செயலி அவர்களுக்கே அனுப்பிவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில், குறுஞ்செய்தி வழி ஒருமுறை எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது. இன்று வங்கிச் செயலிக்குள்ளேயே ஒப்புதல் தட்டும் முறை வந்திருப்பதற்குப் பின்னணி அதுதான். ஒரு கணக்குக்கு ஒரு கைப்பேசி மட்டும் என்ற கட்டுப்பாடும் அப்போது வந்ததே.

அந்தச் செயலிகள் வந்த அதே பாதையில்தான் போலி அப்டேட்டும் வரும். "உங்கள் வங்கிச் செயலி காலாவதியாகிவிட்டது, இதைத் தட்டிப் புதுப்பிக்கவும்" என்று வாட்சாப்பிலோ குறுஞ்செய்தியிலோ ஓர் இணைப்பு வரும். அல்லது .apk என்று முடியும் ஒரு கோப்பு வரும். அடையாளம் காண ஒரே விதி போதும்: உண்மையான அப்டேட் செய்தியில் வராது. செயலிக்கானது பிளே ஸ்டோருக்குள் இருக்கும், கைப்பேசிக்கானது அமைப்புகளுக்குள் இருக்கும். சந்தேகம் வந்தால் செய்தியை மூடிவிட்டு, பிளே ஸ்டோரைத் தானே திறந்து அந்தச் செயலியின் பெயரைத் தேடவும். அங்கே Update என்ற பொத்தான் இல்லையென்றால், அப்டேட்டே இல்லை.

வெளியிலிருந்து செயலியை நிறுவ முயன்றால் கைப்பேசி ஒரு முறை எச்சரிக்கும். Install unknown apps என்ற அனுமதியைக் கேட்கும். தெரிந்த அண்ணன் அனுப்பியிருந்தாலும் அதைக் கொடுக்கக் கூடாது. அவருடைய வாட்சாப் கணக்கே திருடப்பட்டிருக்கலாம்.

தவறி நிறுவிவிட்டால், முதலில் விமானப் பயன்முறையைப் போட்டு இணையத்தைத் துண்டிக்கவும். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லவும். பணம் போயிருந்தால் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கு உடனே அழைக்கவும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டே போகும் என்பதால், முதல் சில மணி நேரம்தான் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு. பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். கைப்பேசியை அழித்துத் திருப்புவது கடைசி வேலை.

பாட்டியிடம் இருக்கும் பழைய கைப்பேசி

ஒவ்வொரு கைப்பேசிக்கும் அப்டேட் ஒரு நாள் நின்றுவிடும். பேரன் புதிது வாங்கியதும் பழையது பாட்டிக்குப் போகிறது. அதன் நிலையைத் தெரிந்துகொள்ள, சாம்சுங்கில் இங்கே பார்க்கலாம்.

```
Settings > About phone > Software information
```

அங்கே Android security patch level என்ற இடத்தில் ஒரு தேதி இருக்கும். அது ஓராண்டுக்கு மேல் பழையது, புதிய அப்டேட்டும் இல்லை என்று காட்டினால், அந்தக் கைப்பேசியின் காலம் முடிந்தது என்று கொள்ளலாம். செயலிகள் இன்னும் சில ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாட்சாப் ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பைக் கைவிட்டது. அந்தப் பதிப்பிலேயே நின்றுவிட்ட கைப்பேசிகளில் வாட்சாப் ஆதரவு முடிந்தது.

அதற்காகப் பாட்டியின் கைப்பேசியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பேசுவதற்கும், பாட்டு கேட்பதற்கும், பேரப் பிள்ளைகளைக் காணொளியில் பார்ப்பதற்கும் அது உதவும். அதிலிருந்து எடுக்க வேண்டியது வங்கிச் செயலியையும் இ-வாலட்டையும் மட்டுமே. அவற்றை வீட்டில் இன்னும் அப்டேட் வரும் ஒரு கைப்பேசியில், நம்பிக்கையான ஒருவரின் கையில் வைத்துக்கொள்வது நல்லது.